மைனஸ் 53 சதவீதத்தை எங்கே போய் வாங்குவது?

வாசகர் கேள்வி

நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். மணலியில் ஒரு தொழிற்சாலையில் 33 வருஷம் வேலை பார்த்து இந்த வருஷம் ஓய்வு பெற்றேன். வந்த பணத்தில் வீட்டுச் செலவுக்கு வேண்டியதை வங்கி வைப்பில் போட்டாயிற்று. மீதி 10 லட்சத்தை ஏழெட்டு வருஷத்துக்குத் தொட வேண்டியிருக்காது. அதை நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டிலும் தங்க ஃபண்டிலும் பிரித்துப் போட எண்ணம். எந்த விகிதத்தில் போட்டால் ரிஸ்க் மிகக் குறைவாக வரும் என்று பி.எஸ்சி. கணிதம் படிக்கும் என் மகள் கால்குலஸ் வைத்துக் கணக்குப் போட்டாள். ஃபண்டுகளின் விவரத் தாளில், எவ்வளவு ஏறி இறங்கும் என்பதைக் காட்டும் திட்ட விலக்கம் நிஃப்டிக்கு 20, தங்கத்துக்கு 15 என்று இருந்தது. 61 மாத என்.ஏ.வி.யை, அதாவது யூனிட் விலையை இறக்கி ஒட்டுறவு பார்த்தாள், 0.9 வந்தது. விடையோ நிஃப்டி மைனஸ் 53 சதவீதம், தங்கம் 153 சதவீதம்! மைனஸில் எப்படி முதலீடு செய்வது? ஷீட்டை இணைத்திருக்கிறேன்.

எங்கள் ஏஜெண்ட், "தங்கம் எதற்கு, நிஃப்டியோடு ஒரு ஸ்மால்கேப் ஃபண்டு போடுங்கள், இரண்டாகப் பிரிந்தால் ரிஸ்க்கும் பிரிந்துவிடும்" என்கிறார். எனக்கோ 15 உள்ள தங்கத்திலேயே முழுவதும் போட்டுவிடலாமே, 20 உள்ளதைச் சேர்த்தால் ரிஸ்க் கூடத்தானே செய்யும் என்று படுகிறது. மனைவியிடம் 20 சவரன் நகை இருக்கிறது. அதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டுமா?

— பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை

ஆலோசகர் பதில்

அன்புள்ள ஐயா,

உங்கள் மகளின் கால்குலஸில் ஒரு பிழையும் இல்லை. வகையிட்டது சரி, பூச்சியத்துக்குச் சமப்படுத்தியது சரி, மைனஸ் 53 என்பதும் அவர் எடுத்துக்கொண்ட எண்களுக்குச் சரியான விடைதான். தவறு அந்த 0.9-இல் இருக்கிறது. அதற்கு முன்னால், "20 உள்ளதைச் சேர்த்தால் கூடத்தானே செய்யும்" என்ற உங்கள் சந்தேகத்தைப் பேசிவிடலாம். அது தீர்ந்தால் மைனஸ் எங்கிருந்து வந்தது என்பது தானாகவே விளங்கிவிடும்.

ரிஸ்க் ஏன் குறைகிறது

காசிமேட்டில் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கணவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறார். மனைவி எம்.சி. ரோடு கடைகளுக்கு வீட்டிலிருந்தே தைத்துக் கொடுக்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகு வருமானம் நின்றுவிடும். ஆனால் பள்ளி திறக்கும் முன் சீருடை தைக்கக் குவிவதும் அதே சமயத்தில்தான். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே ஏறி இறங்கும் வருமானம். ஒரே பானைக்குள் வரும்போது ஒன்றின் பள்ளத்தை மற்றது ஓரளவு நிரப்பிவிடுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் படுத்தால்தான் பிரித்து வைத்ததில் பலனில்லை. எவ்வளவு ஒன்றாக நடக்கின்றன என்பதை அளக்கும் எண்தான் ஒட்டுறவு. கணக்கில் இதை ρ என்று எழுதுவோம். +1 என்றால் கைகோத்து நடக்கின்றன, 0 என்றால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை, −1 என்றால் நேர் எதிர்.

இப்போது உங்கள் எண்கள். நிஃப்டியில் போடும் பங்கு w என்றால் மீதி 1−w தங்கம். திட்ட விலக்கத்தின் வர்க்கமான பரவற்படி V இப்படி அமையும்:

```
V(w) = 400w² + 225(1−w)² + 600ρ·w(1−w)
```

400 என்பது 20-இன் வர்க்கம், 225 என்பது 15-இன் வர்க்கம், 600 என்பது 2 × 20 × 15. வகையிட்டால்:

```
V'(w) = 800w − 450(1−w) + 600ρ(1−2w)
```

எல்லோரும் இதை உடனே பூச்சியத்துக்குச் சமப்படுத்திவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். முதலில் w = 0 என்று போட்டுப் பாருங்கள். அதாவது நீங்கள் சொன்னபடி முழுப் பணமும் தங்கத்தில். அப்போது V'(0) = 600ρ − 450. ρ பூச்சியம் என்றால் இது −450. சரிவு கீழ்நோக்கி இருக்கிறது. தங்கத்திலிருந்து ஒரு சிறு துளியை எடுத்து நிஃப்டியில் போட்டால் ரிஸ்க் இறங்குகிறது என்பதுதான் இதன் பொருள்.

நூற்றில் ஒரு ரூபாயை மாற்றிப் பாருங்கள். தங்கத்தின் பகுதி 225-இலிருந்து 225 × 0.99² ஆக, அதாவது 220.52 ஆகக் குறைகிறது. நிஃப்டி கொண்டுவருவதோ 400 × 0.01², வெறும் 0.04. மொத்தம் 220.56. நிஃப்டி தனியாக எவ்வளவு முரட்டுத்தனமானது என்பது, அதைத் துளியாகச் சேர்க்கும்போது தெரிவதே இல்லை. துளியின் வர்க்கம் அவ்வளவு சிறியது. 15-உம் 20-உம் கலந்தால் நடுவில் 17 என்று வரும் என்பது ρ = 1 என்றால்தான் நடக்கும்.

இந்த 600ρ − 450 என்பதிலேயே ஓர் எல்லையும் ஒளிந்திருக்கிறது. ρ 0.75-க்குக் கீழே இருக்கும்வரை அது மைனஸ். 0.75 என்பது வேறொன்றுமில்லை, 15-ஐ 20-ஆல் வகுத்தது. சிறிய ரிஸ்க்கைப் பெரிய ரிஸ்க்கால் வகுத்து வரும் எண்ணைவிட ஒட்டுறவு குறைவாக இருந்தால், பெரிய ரிஸ்க் உள்ளதைக் கொஞ்சம் சேர்ப்பது மொத்த ரிஸ்க்கைக் குறைக்கும். அதைத் தாண்டினால் முதல் துளியிலேயே கூடும். நீங்கள் நினைத்தது அப்போது உண்மையாகிவிடும்.

0.9 எப்படி வந்தது

ஷீட்டைத் திறந்து பார்த்தேன். மகள் என்.ஏ.வி. பத்திகள் இரண்டையும் அப்படியே எடுத்து ஒட்டுறவு கேட்டிருக்கிறார். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதையே செய்து, ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். விலைகளுக்கு ஒட்டுறவு பார்க்கக் கூடாது, மாதா மாதம் விலை எத்தனை சதவீதம் மாறியது என்பதற்குத்தான் பார்க்க வேண்டும். ஐந்து வருஷத்தில் நிஃப்டியும் ஏறியிருக்கிறது, தங்கமும் ஏறியிருக்கிறது. ஏறிக்கொண்டே போகும் எந்த இரண்டு பத்திகளை வைத்தாலும் ஒட்டுறவு பெரிதாகத்தான் வரும். உங்கள் மகள் சிறு வயதில் மாதா மாதம் வளர்ந்த உயரத்தை ஒரு பத்தியிலும் நிஃப்டியை இன்னொன்றிலும் போட்டால்கூட 0.9-ஐ ஒட்டி வரலாம். அதற்காக அவரைப் போர்ட்ஃபோலியோவில் சேர்க்க முடியாது.

B பத்தியில் நிஃப்டி, C பத்தியில் தங்கம், இரண்டாம் வரிசையிலிருந்து 61 மாத முடிவு விலைகள் என்றால், 60 மாத மாற்றங்கள் கிடைக்கும். D-யில் நிஃப்டி மாற்றம், E-யில் அதேபோல் தங்கத்தின் மாற்றம்:

```
=B3/B2-1
=CORREL(D3:D62,E3:E62)
=STDEV.S(D3:D62)*SQRT(12)
```

கடைசி வரி மாதத் திட்ட விலக்கத்தை ஆண்டுக் கணக்குக்கு மாற்றுவது. 12-ஆல் அல்ல, 12-இன் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். இப்படிச் செய்ததும் உங்கள் ஷீட்டில் ஒட்டுறவு பூச்சியத்துக்கு மிக அருகே வந்துவிட்டது. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று பூச்சியம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

மைனஸ் ஏன் வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். 0.9 என்பது 0.75 எல்லைக்கு மேலே. V'(0) = 540 − 450 = +90. முழுத் தங்கத்தில் நிற்கும்போதே சரிவு மேல்நோக்கி இருப்பதால், அடிப்பள்ளம் w-வின் மைனஸ் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதை நிஜத்தில் செய்ய வேண்டுமென்றால் நிஃப்டியைக் கடன் வாங்கி விற்று, அந்தக் காசிலும் தங்கம் வாங்க வேண்டும். மியூச்சுவல் ஃபண்டில் அதற்கு வழியில்லை. வகைக்கெழு பூச்சியமாகும் இடம் 0-க்கும் 1-க்கும் வெளியே விழுந்தால், உள்ளே சிறுமம் ஓரத்தில்தான் இருக்கும். மகளின் 0.9 உண்மையாக இருந்திருந்தால் சரியான பதில் "முழுவதும் தங்கம்" என்பதே.

திருத்திய கணக்கு

ρ = 0 என்றால் மூன்றாம் உறுப்பு காணாமல் போகிறது.

```
V'(w) = 800w − 450(1−w) = 1250w − 450 = 0
w = 450/1250 = 0.36
V(0.36) = 51.84 + 92.16 = 144
```

இரண்டாம் வகைக்கெழு 1250, ப்ளஸ் எண். ஆகவே இது பள்ளம்தான், மேடு இல்லை. நிஃப்டி 36, தங்கம் 64. 144-இன் வர்க்கமூலம் 12. ஆக 15-ஐயும் 20-ஐயும் கலந்து 12 கிடைத்துவிட்டது. பணமாகச் சொன்னால் 3.6 லட்சம் நிஃப்டி, 6.4 லட்சம் தங்கம்.

மகளுக்கு ஒரு குறிப்பு. ρ = 0 எனும்போது பங்குகள் பரவற்படிகளுக்கு எதிர் விகிதத்தில் அமையும், 225-க்கு 400 என்று. திட்ட விலக்கங்களுக்கு எதிர் விகிதம் என்று எடுத்து 15-க்கு 20 எனப் பிரிப்பவர்கள் உண்டு. அது ρ = −1 என்றால்தான் சரி. பொதுவான சூத்திரம் இது, σ₁ என்பது நிஃப்டியின் திட்ட விலக்கம், σ₂ தங்கத்தினுடையது:

```
w = (σ₂² − ρσ₁σ₂) / (σ₁² + σ₂² − 2ρσ₁σ₂)
```

12 சதவீதம் என்றால் என்ன

வருஷத்துக்கு அதிகபட்சம் 12 சதவீதம்தான் நட்டம் வரும் என்று படித்துவிடாதீர்கள். சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகும் என்ற அளவு அது. 10 லட்சத்துக்கு 1.2 லட்சம். மூன்றில் இரண்டு வருஷங்கள் அந்த வளையத்துக்குள் இருக்கும் என்று தோராயமாகச் சொல்லலாம். மூன்றாவது வருஷம்தான் தூக்கத்தைக் கெடுப்பது. 2008-இல் சென்செக்ஸ் பாதிக்கும் மேல் விழுந்தது, 20,000-க்கு மேலே இருந்தது 10,000-க்குக் கீழே போயிற்று. அதுபோல் நிஃப்டி 52 சதவீதம் விழுந்து தங்கம் அசையாமல் நின்றால், உங்கள் 3.6 லட்சத்தில் சுமார் 1.87 லட்சம் போய்விடும். உண்மையில் அந்த ஆண்டு தங்கம் ரூபாய்க் கணக்கில் ஏறி ஓரளவு ஈடுகட்டியது. எல்லா நெருக்கடியிலும் அப்படியே நடக்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை. 2013-இல் உலகச் சந்தையில் தங்கம் டாலர் கணக்கில் கால் பங்குக்கு மேல் சரிந்ததை நகைக்கடைப் பக்கம் போனவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

36-ஐ எவ்வளவு நம்பலாம்

அந்த V-யைக் கொஞ்சம் மாற்றி எழுதினால் 144 + 625(w − 0.36)² என்று வரும். இந்த வடிவம் எனக்குப் பிடிக்கும். அடிப்பகுதி எவ்வளவு தட்டையானது என்று இதில் கண்ணால் பார்க்கலாம். 30 சதவீதத்திலும் 42 சதவீதத்திலும் ரிஸ்க் 12.1-ஐத் தாண்டாது. சரிபாதி, 50:50 என்று போட்டால் V = 156.25, திட்ட விலக்கம் 12.5. அரை சதவீதம்தான் கூடுகிறது. ஆகவே 36-ஐத் துல்லியமாகப் பிடிக்க மாதா மாதம் விற்று வாங்குவது வெட்டி வேலை, லாபத்தில் விற்றால் வரி வேறு வரலாம்.

துல்லியத்துக்கு அர்த்தமில்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 60 மாதக் கணக்கில் கிடைக்கும் ஒட்டுறவு, தற்செயலாகவே சுமார் 0.25 வரை முன்பின் இருக்கலாம். ρ = +0.25 என்றால் நிஃப்டிக்கு 32 சதவீதம் வரும், மொத்த ரிஸ்க் 13.3. ρ = −0.25 என்றால் 39 சதவீதம், ரிஸ்க் 10.4. பங்கு அதிகம் ஆடவில்லை, இரண்டிலும் ரிஸ்க் 15-க்குக் கீழேயேதான் நிற்கிறது. எனக்கு இதுதான் முக்கியம், 36-ஆ 39-ஆ என்பது இல்லை.

இந்தக் கணக்கை 1952-இல் உலகத்துக்குப் பரவலாக்கியவர் ஹாரி மார்க்கோவிட்ஸ், பிறகு 1990-இல் பொருளாதார நோபல் பெற்றார். அவரே தன் ஓய்வூதியப் பணத்தைப் பிரிக்கும்போது ஒட்டுறவெல்லாம் பார்க்காமல் பங்குக்குப் பாதி, கடன்பத்திரத்துக்குப் பாதி என்று போட்டதாகச் சொல்லியிருக்கிறார். எந்தப் பக்கம் போனாலும் வருத்தம் குறைவாக இருக்கட்டும் என்பது அவர் சொன்ன காரணம். தட்டையான பள்ளத்தைப் பார்த்த பிறகு அதில் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்தச் சூத்திரம் வருமானத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதையும் கவனியுங்கள். தங்கத்துக்குப் பதில் வங்கி வைப்பை வைத்தால் அதன் திட்ட விலக்கம் பூச்சியம். சூத்திரம் உடனே "முழுவதும் வைப்பில் போடு" என்றுவிடும். கணக்கு சரி, ஆனால் அதற்குக் கால்குலஸ் தேவையில்லை. இந்த இரண்டில்தான் போடுவது என்று முடிவெடுத்த பிறகு எப்படிப் பிரிப்பது என்பதற்கு மட்டுமே இது பதில் சொல்லும். ஏழெட்டு வருஷம் தொடப்போவதில்லை என்பதால், நகையைத் தள்ளிவைத்துப் பார்த்தால் நான் 40:60-க்கும் 50:50-க்கும் நடுவில் எங்காவது நிற்பேன். வருஷத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும்.

ஏஜெண்ட் சொன்னது

இரண்டு ஃபண்டு இருந்தாலே ரிஸ்க் பிரிந்துவிடும் என்பது உண்மையில்லை. ஒரு பேச்சுக்கு ஸ்மால்கேப்பின் திட்ட விலக்கம் 25, நிஃப்டியோடு அதன் மாத மாற்றங்களின் ஒட்டுறவு 0.9 என்று வைப்போம். எல்லை 20/25, அதாவது 0.8. ஒட்டுறவு அதைத் தாண்டிவிட்டது. சூத்திரத்தில் போட்டால் ஸ்மால்கேப்புக்கு (400 − 450) / (1025 − 900), மைனஸ் 40 சதவீதம். இந்த முறை மைனஸ் தவறான தரவால் வரவில்லை. இரண்டும் ஒரே படகில் போகிறவை, அதனால்தான் வந்தது. ரிஸ்க்கைக் குறைக்க ஸ்மால்கேப் சேர்க்கிறேன் என்று யாராவது சொன்னால், மாத மாற்றங்களின் ஒட்டுறவைக் காட்டச் சொல்லுங்கள். அதிக வருமானத்துக்காக, ரிஸ்க் கூடும் என்று தெரிந்தே சேர்ப்பது வேறு விஷயம், அதை அப்படியே சொல்லிச் செய்யட்டும்.

அவர் விநியோகஸ்தரா, செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகரா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. விநியோகஸ்தருக்கு ஃபண்டு நிறுவனம் கமிஷன் தரும். அதில் தப்பில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். கமிஷன் இல்லாத நேரடித் திட்டங்கள் 2013 ஜனவரியிலிருந்தே இருக்கின்றன. உங்கள் மகளே போட்டுக் கொடுத்துவிடுவார்.

அந்த 20 சவரன்

இந்தக் கேள்வியைக் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் உங்கள் விகிதத்தை மற்ற எதையும்விட அதிகமாக மாற்றுவது இதுதான். சவரன் 90,000 என்று வைத்தால் 20 சவரன் 18 லட்சம். உங்கள் 10 லட்சம் முழுவதையும் நிஃப்டியில் போட்டாலும் 10-க்கு 18 ஆகிறது. நூற்றுக்கு 36-க்கு 64! நகையைச் சேர்த்துக்கொண்டால் தங்க ஃபண்டில் ஒரு பைசாவும் போட வேண்டியதில்லை என்கிறது கணக்கு.

ஆனால் நகை ஈடாக வேலை செய்ய வேண்டுமென்றால், நிஃப்டி விழுந்த வருஷத்தில் அதில் கொஞ்சத்தை விற்கவோ அடகு வைக்கவோ மனசு வர வேண்டும். செய்கூலி, சேதாரம் என்று கொடுத்ததும் திரும்பி வராது. அதைவிட, அந்த நகை மகளின் கல்யாணத்துக்கு என்று ஒதுக்கியதாக இருந்தால் அது உங்கள் முதலீடே இல்லை, கொடுக்க வேண்டியதை முன்கூட்டியே எடுத்து வைத்திருக்கிறீர்கள். அப்போது அதைத் தொடாமல் 10 லட்சத்தை மட்டும் தனியாகப் பிரியுங்கள். கல்யாணத்துக்கு வேறு ஏற்பாடு இருக்கிறது, நகை நம் இருவரின் முதுமைக்குத்தான் என்று உங்கள் மனைவி சொன்னால், தங்க ஃபண்டை விட்டுவிடலாம். அதற்காகப் பத்து லட்சத்தையும் ஒரே நாளில் நிஃப்டியில் கொட்ட வேண்டாம், மாதா மாதம் பிரித்துப் போடுங்கள்.

இதை மகளிடம் இல்லை, மனைவியிடம்தான் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு எழுதுங்கள்.